வரும்போதே செத்த போன்: மாற்றும் கெடுவும் திருப்பும் கெடுவும்

ஆன்லைனில் சட்டை வாங்கினால் அளவு பொருந்தவில்லை என்று பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். காரணத்தை யாரும் குடைந்து கேட்பதில்லை, பணமும் திரும்பி வந்துவிடும். அதே பழக்கத்தில் போனையும் வாங்குகிறோம். போன் உயிரில்லாமல் வந்து சேர்ந்த பிறகுதான், சட்டைக்கு இருந்த வசதி போனுக்கு இல்லை என்பது தெரிகிறது. விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘7 days Service Centre Replacement’ என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியில் ஏழு என்ற எண் மட்டும் நம் கண்ணில் பட்டிருக்கும். மற்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கடைக்காரர்களும் சர்வீஸ் சென்டர்காரர்களும் இப்படி வரும் போனை ‘டிஓஏ’ என்பார்கள். ‘டெட் ஆன் அரைவல்’ என்பதன் சுருக்கம் அது. பெட்டியைப் பிரிக்கும்போதே வேலை செய்யாத பொருள் என்று அர்த்தம். கவுன்டரில் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும். அதனால் நாமும் இதையே பயன்படுத்துவோம்.

மூன்று கெடுக்கள்

ஒரு போனை வாங்கியதும் மூன்று கடிகாரங்கள் ஓடத் தொடங்கலாம்.

முதலாவது, ரிட்டர்ன் கெடு. பொருள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும் காலம் இது. மனம் மாறியது, நிறம் பிடிக்கவில்லை என்ற காரணங்கள் பல பொருள்களுக்கு இதில் செல்லும். இன்று இணையத்தில் விற்கும் பெரும்பாலான போன்களுக்கு இந்தக் கெடு கிடையாது.

இரண்டாவது, ரீப்ளேஸ்மென்ட் கெடு. போனுக்குப் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பல தளங்களில் ஏழு நாள், சிலவற்றில் பத்து நாள். பொருளில் குறை இருந்தால்தான் இது செல்லும். குறை இருக்கிறது என்பதை யாராவது பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் அதே மாடலில், அதே நிறத்தில், அதே மெமரி அளவில் இன்னொரு போன் வரும். அந்த மாடல் கையிருப்பில் இல்லை என்றால்தான் பணத்தைத் திருப்புவது பற்றிப் பேசுவார்கள்.

மூன்றாவது, வாரண்டி. போனுக்கு வழக்கமாக ஒரு வருடம். இந்தக் காலத்தில் தயாரிப்பு நிறுவனம் தரும் வாக்குறுதி பெரும்பாலும் பழுது பார்த்துத் தருவதுதான். கட்டாயம் புதுப் போன் தருவதாக அது சொல்வதில்லை.

ரிட்டர்ன் கெடுவில் உங்கள் விருப்பம் போதும். ரீப்ளேஸ்மென்ட் கெடுவில் சான்று வேண்டும். அந்தச் சான்று கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே ஏழு நாள் என்று எழுதியிருந்தாலும், நம் கையில் உண்மையில் இருப்பது நாலு நாள்தான் என்று கணக்குப் போட வேண்டும். அந்த நாலு நாளைத் தவறவிட்டால், புது விலை கொடுத்து வாங்கிய போனுக்கு மூன்றாவது கெடு மட்டுமே மிஞ்சக்கூடும்.

விற்பனைப் பக்கத்தில் இந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ‘Replacement’ என்று மட்டும் இருந்தால், விற்கும் தளமே ஆளை அனுப்பியோ செயலி மூலமோ சோதித்து மாற்றித் தரும். ‘Service Centre Replacement’ என்று இருந்தால், போனைத் தயாரித்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுபோக வேண்டும். டிஓஏ என்று அவர்கள் சான்று கொடுத்த பிறகே மாற்று வேலை நகரும். உங்கள் ஊரிலிருந்து அந்த சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று ஆர்டர் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கம் பின்னால் மாறினாலும், நீங்கள் வாங்கிய நாளில் சொன்ன நிபந்தனை உங்களிடம் இருக்கும்.

உண்மையிலேயே செத்துவிட்டதா?

புகார் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் செலவழித்து நாலு சோதனைகள் செய்யுங்கள். இதில் போன் எழுந்துகொண்டால் ஒரு பயணம் மிச்சம். எழாவிட்டால், கவுன்டரில் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கும்.

ஒன்று, சார்ஜ். குடோனில் பல மாதம் கிடந்த போனின் லித்தியம் பேட்டரி மிகவும் கீழே இறங்கியிருக்கலாம். அப்படி இறங்கிய பேட்டரிக்குள் முதலில் மிகச் சிறிய மின்னோட்டம்தான் போகும். திரையில் சார்ஜ் குறி வரவே சில நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். இப்போது பல பெட்டிகளில் சார்ஜர் வருவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய சார்ஜரைப் போட்டுப் பார்த்து எழவில்லை என்றால், வேறு ஒரு சார்ஜரையும் வேறு ஒரு கேபிளையும் கட்டாயம் மாற்றிப் பாருங்கள்.

இரண்டு, வலுக்கட்டாய மறுதொடக்கம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து இருபது வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில், வால்யூம் கூட்டும் பட்டனைத் தட்டி விட்டு, குறைக்கும் பட்டனைத் தட்டி விட்டு, பக்கவாட்டுப் பட்டனை லோகோ வரும்வரை பிடிக்க வேண்டும்.

மூன்று, செத்தது போனா திரையா என்று பிரித்துப் பாருங்கள். வேறு போனிலிருந்து ஒரு சிம்மை எடுத்து இதில் போட்டு, அந்த எண்ணுக்கு அழையுங்கள். மணி அடித்தாலோ அதிர்ந்தாலோ போன் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும் போயிருக்கிறது. கணினியில் செருகும்போது இணைப்பு ஒலி கேட்டாலும் அப்படித்தான். இதுவும் டிஓஏதான். ஆனால் புகாரில் ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று எழுத வேண்டும். ‘ஆன் ஆகவில்லை’ என்று எழுதிவிட்டு, கவுன்டரில் அது அதிர்ந்தால் உங்கள் பேச்சில் சந்தேகம் விழும்.

நான்கு, வெளிப்புறம். ஓரங்கள், கண்ணாடி, சார்ஜ் துளை, சிம் தட்டு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். சிறு கீறல் இருந்தாலும் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று ஒதுக்குவதற்கு அது ஒரு காரணமாகிவிடும். பெட்டி பிரிக்கும்போதே கீறல் இருந்தது என்று காட்ட, பிரித்த வீடியோ ஒன்றே வழி. அந்த வீடியோ இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். பார்சலின் முகவரிச் சீட்டு, உடையாத சீல், பெட்டியில் அச்சிட்ட ஐஎம்இஐ எண், போனை வெளியே எடுப்பது, சார்ஜில் போடுவது ஆகிய ஐந்தும் அதில் வரிசையாகத் தெரிந்தால் போதும்.

ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க எண். உயிருள்ள போனில் `*#06#` அழுத்தினால் திரையில் வரும். செத்த போனில் அது முடியாது. அதனால்தான் பெட்டி முக்கியம். பெட்டியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் ஒப்பிடுங்கள். பில்லில் வேறு எண் இருந்தால் டிஓஏ பேச்சே எழாது. பொருள் மாறி வந்திருக்கிறது என்று தனிப் புகார் போட வேண்டும்.

தென்காசியில் நடந்தது

என் தங்கை தென்காசியில் ஆசிரியை. மகள் கல்லூரி சேருவதற்காக 16,499 ரூபாய்க்கு ஒரு போன் ஆர்டர் செய்தாள். 2025 ஜூன் 12, வியாழன் மாலை வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஏழு நாள் சர்வீஸ் சென்டர் ரீப்ளேஸ்மென்ட் என்று இருந்தது. அதாவது ஜூன் 19 வரை.

வந்த பெட்டியை அவள் பிரிக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து மகள் கையால் பிரிக்கலாம் என்று பூஜை அறையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குங்குமம் வைத்துப் பிரித்தபோது போன் ஆன் ஆகவில்லை. சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று நாள் முழுக்கப் போட்டு வைத்தார்கள். ஞாயிறும் போயிற்று. ஏழு நாளில் மூன்று நாள் கழிந்தது இப்படித்தான்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறித் திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்கு எனக்கு அழைத்தாள்.

“அண்ணே, போன வச்சிட்டுப் போங்க, மூணு நாள்ல மதர்போர்டு மாத்தித் தந்திருதோம்னு சொல்லுதாங்க. கையெழுத்துப் போடட்டுமா?”

“போடாதம்மா. ரிப்பேருக்குக் கொண்டு வரல, டிஓஏ சர்டிபிகேட்டுக்குக் கொண்டு வந்தேன்னு சொல்லு. வாங்கின ஆப்ல புகார் போட்டுட்டியா?”

“இல்லியே. முதல்ல இங்க காட்டிட்டுப் போடலாம்னு நெனச்சேன்.”

“அங்கயே உக்காந்து இப்பவே போடு. நம்பர் வந்ததும் எனக்கு அனுப்பு.”

அவள் செய்யவிருந்த இரண்டு தவறுகளும் அந்த ஒரு அழைப்பிலேயே இருக்கின்றன. இரண்டையும் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் தவறு, சர்வீஸ் சென்டருக்குப் போவதே புகார் என்று எண்ணியது. விற்ற தளமும் தயாரித்த பிராண்டும் வேறு வேறு. பிராண்டின் கவுன்டரில் ஜூன் 16-ல் நீங்கள் நின்றீர்கள் என்பது விற்ற தளத்தின் கணக்கில் ஏறாது. அங்கே பதிவான நாள்தான் கெடுவுக்குள் வந்தோமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். எனவே முதல் வேலை ஆர்டர் பக்கத்தில் புகாரைப் பதிவு செய்வது. சான்று பின்னால் வரலாம், பதிவு முன்னால் இருக்க வேண்டும்.

பதியும்போது ஒரு சிக்கல் வரும். சில தளங்கள் போனைச் சோதிக்க ஒரு செயலியை அந்தப் போனிலேயே நிறுவச் சொல்கின்றன. செத்த போனில் எதை நிறுவ முடியும்? அந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். காரணப் பட்டியலில் ‘ஆன் ஆகவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் செயலிச் சோதனையைத் தாண்டி வழி திறக்கலாம். திறக்காவிட்டால் சாட்டிலோ தொலைபேசியிலோ பேசி, அவர்களையே பதியச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். எண் இல்லாமல் பேச்சை முடிக்காதீர்கள். தங்கைக்கு 12.20-க்கு எண் வந்தது.

இரண்டாவது தவறு, ரிப்பேருக்குச் சம்மதிக்கவிருந்தது. இதுதான் பெரிய இழப்பு. வேலைச் சீட்டில் ‘ரிப்பேர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், போன் டிஓஏ வரிசையிலிருந்து வாரண்டி வரிசைக்குப் போய்விடுகிறது. பின்பக்கத்தைச் சூடாக்கித் திறப்பார்கள். தொழிற்சாலையில் ஒட்டிய பசை அறுபடும். மதர்போர்டு மாறினால் ஐஎம்இஐ எண்ணும் மாறலாம். பிறகு பெட்டியும் பில்லும் போனும் ஒத்துப்போகாது. உதிரி பாகம் வரத் தாமதமானால் ஜூன் 19 தானாகக் கடந்திருக்கும். கவுன்டரில் இருந்தவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் முன்னால் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ரிப்பேருக்கு வருகிறார்கள், இவளையும் அப்படியே எடுத்துக்கொண்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

கவுன்டரில் என்ன பார்க்கிறார்கள்

டிஓஏ என்று சொன்னதும் வேலை வேறு மாதிரி நடந்தது. டெக்னீஷியன் தங்கையின் கண் முன்னாலேயே பார்த்தார். முதலில் பெட்டி, பில், போன் மூன்றிலும் எண்ணைச் சரிபார்த்தார். பெட்டிக்குள் கேபிள், சிம் ஊசி, கையேடு எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணினார். ஒன்று குறைந்தாலும் பல பிராண்டுகள் சான்று தருவதில்லை. ஆகவே பிளாஸ்டிக் உறையைக்கூட எறியாதீர்கள்.

அடுத்து சிம் தட்டை உருவி, உள்ளே சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். பல போன்களுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் ஒட்டு ஒன்று இருக்கும். வெள்ளையாக இருக்க வேண்டியது சிவந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே வெள்ளையாகவே இருந்தது. சார்ஜ் துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு சின்ன மீட்டரைச் செருகினார். நல்ல போன் என்றால் மின்னழுத்தத்தோடு, போன் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்பதும் அதில் தெரியும். இந்தப் போனில் ஐந்து வோல்ட் காட்டியது, ஆம்பியர் இருக்கும் இடத்தில் சுழியம் அசையவே இல்லை. போன் மின்சாரத்தைத் தொடவே இல்லை என்பதற்கு அந்தச் சுழியம் போதும். இந்த மீட்டர் சில நூறு ரூபாய்க்கு வெளியிலும் கிடைக்கும். வீட்டிலேயே பார்த்து வீடியோ எடுத்துக்கொண்டால் கவுன்டரில் வேலை சுருங்கும்.

எழுதித் தந்த வேலைச் சீட்டில் நாலு விஷயங்கள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே படிக்க வேண்டும்: குறை என்ன, வெளிச் சேதம் இல்லை என்ற குறிப்பு, ஈரம் இல்லை என்ற குறிப்பு, போனைக் கொண்டு வந்த தேதி. தங்கையின் சீட்டில் குறை மட்டும்தான் முதலில் இருந்தது. கேட்ட பிறகு மற்றவற்றையும் எழுதி முத்திரை வைத்தார்கள். நாளை யாராவது மறுத்தால் பேசப்போவது இந்தச் சீட்டுதான்.

சான்றிதழ் அன்றே கிடைக்கவில்லை. கவுன்டரில் இருப்பவர் பரிந்துரைப்பார், பிராண்டின் அலுவலகம் ஒப்புதல் தரும். செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் வந்தது. அன்றே ஆப்பில் ஏற்றினாள். புதன்கிழமை மாற்றுப் போனுக்கு ஒப்புதல் ஆனது. சனிக்கிழமை, ஜூன் 21-ல் புதுப் போனைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனார்கள். கெடு 19-ல் முடிந்துவிட்டது, போன் 21-ல்தான் வந்தது. ஆனாலும் தடை வரவில்லை. புகார் 16-ல் பதிவாகியிருந்தது.

புதிதாக வந்ததற்குப் புதுக் கெடு உண்டா?

இதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. மாற்றி வந்த போனுக்கு மீண்டும் முழு ஏழு நாள் தொடங்கும் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். ஒவ்வொரு விற்பனையாளரின் விதியும் வேறு. ஒரு முறைதான் மாற்றித் தருவோம் என்று எழுதியிருப்பவர்கள் உண்டு. ஆகவே மாற்றுப் போன் வந்த நிமிடமே, கொண்டு வந்தவர் வாசலில் நிற்கும்போதே, ஆன் செய்து பாருங்கள். ஓடிபி கேட்டால், போன் ஆன் ஆன பிறகு சொல்லுங்கள். ஓடிபி சொல்வது பல இடங்களில் பொருளைச் சரியாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுக்கும் முறையில் வாங்கும்போது இது இன்னும் முக்கியம்.

பில்லையும் பாருங்கள். புதுப் போனின் ஐஎம்இஐ எண்ணோடு திருத்திய பில் வேண்டும். பழைய எண்ணோடு இருக்கும் பில்லை வைத்துக்கொண்டு எட்டாவது மாதம் வாரண்டிக்குப் போனால், இந்தப் போன் இந்தப் பில்லுக்கு உரியதில்லை என்பார்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு முறை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு சிம்மிலும் ஒரு அழைப்பு, மைக்கில் ஒரு குரல் பதிவு, முன்னும் பின்னும் கேமரா, ஸ்பீக்கர், வைஃபை, கைரேகை, திரையின் நான்கு மூலைகளிலும் விரல் ஓட்டம். மைக் வேலை செய்யாத போனும், சிம் எடுக்காத போனும் குறையுள்ள போன்தான். மாற்றும் கெடுவில் அவற்றுக்கும் இடம் உண்டு. வேகம் போதவில்லை, கேமரா படம் எதிர்பார்த்த மாதிரி இல்லை என்பவை குறைக் கணக்கில் வராது. அவற்றுக்கு ரிட்டர்ன் கெடு இருந்தால்தான் வழி.

மறுத்தால்

விற்பவர் எழுதும் நிபந்தனைக்கு மேலே சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், எதுவும் எழுதாவிட்டால் முப்பது நாளுக்குள்ளும் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் 2(47)-வது பிரிவு. ‘விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டோம்’ என்று பில்லில் அச்சடித்திருக்கும் தெருமுனைக் கடைக்கும் இது பொருந்தும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று தனியாகவும் சொல்கின்றன.

இந்தச் சட்டத்தின் பலத்தை எப்போது எடுக்க வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். மாற்றுக் கெடுவுக்குள் பதிந்து, சான்றும் இருந்து, பிறகும் மறுத்தால்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும். கெடு தாண்டிய பிறகும் வழக்குப் போடலாம், அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் போன் வரும்போதே செத்திருந்தது என்று அப்போது நிறுவுவது கடினம்.

ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு இப்படி எழுதுங்கள்:

> ஆர்டர் எண் ______. பொருள் ______, ஐஎம்இஐ ______. ஜூன் 12 அன்று பெற்றுக்கொண்டேன். பிரித்த நேரம் முதல் ஆன் ஆகவில்லை. ஜூன் 16 அன்று, மாற்றும் கெடுவுக்குள், புகார் எண் ______ பதிவு செய்தேன். அதே நாளில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் தந்த வேலைச் சீட்டும், டிஓஏ சான்றும், பெட்டி பிரித்த வீடியோவும் இணைத்துள்ளேன். பழுது பார்க்க நான் சம்மதிக்கவில்லை. அதே மாடலில் புதுப் போன் தரவும். கையிருப்பு இல்லையெனில் நான் செலுத்திய ______ ரூபாயைத் திருப்பித் தரவும்.

கோபச் சொல் எதுவும் இதில் இல்லை, வேண்டியதும் இல்லை. தேதிகளும் எண்களும் தம் வேலையைச் செய்யும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரைக் கொண்டுபோவார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. மாற்றித் தரச் சொல்லவும், பணத்தைத் திருப்பச் சொல்லவும், இழப்பீடு தரச் சொல்லவும் ஆணையத்தால் முடியும்.

நாட்காட்டியில் குறிக்க

போன் வந்த நாளை ஒன்று என்று வைத்துக்கொண்டு இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்: வீடியோ எடுத்துக்கொண்டு பிரித்தல், சார்ஜ், மறுதொடக்கம், எல்லாப் பாகங்களின் சோதனை.
2. அதே நாள் இரவு: எழவில்லை என்றால் விற்ற தளத்தில் புகார் எண்.
3. இரண்டாம் நாள்: பெட்டி, பில், அனைத்து உதிரிகளோடு சர்வீஸ் சென்டர். ‘டிஓஏ சான்றுக்கு வந்தேன்’ என்பது முதல் வாக்கியம்.
4. நான்காம் நாள்: சான்றை ஏற்றுதல். சான்று வரவில்லை என்றால் வேலைச் சீட்டையாவது ஏற்றுதல்.
5. ஆறாம் நாள்: தளத்திலிருந்து எழுத்தில் பதில் இல்லை என்றால் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம்.

தங்கை வீட்டில் பூஜை அறைப் பழக்கம் இப்போதும் உண்டு. நான் அதை விடச் சொல்லவில்லை. பொருள் வந்த அன்றே பிரித்து, ஆன் செய்து, ஒரு அழைப்புப் பேசிவிட்டு, மறுபடி பெட்டிக்குள் வைத்துச் சாமி முன்னால் வைக்கிறாள். மகளின் கையால் நல்ல நேரத்தில் பிரிப்பதும் நடக்கிறது, ஏழு நாளும் முழுதாகக் கையில் இருக்கின்றன.